பழைய பைக்குக்கு என்ன விலை கொடுக்கலாம்?

ஏழு வருடம் ஓடிய 100 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே மாடல் இன்று புதிதாக ஆன்ரோடு 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.சி. 15 வருடத்துக்குச் செல்லும். ஆக, வருடத்துக்கு 6,000 ரூபாய். மீதி எட்டு வருடத்துக்கு 48,000.

அடுத்து, வாங்கியதுமே ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். இரண்டு டயர், செயின் ஸ்ப்ராக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் 7,000 என்றால் மிஞ்சுவது 41,000. ஆனால் வண்டிக்கு வயதாக ஆக ரிப்பேர் செலவு கூடும். எனவே இதுவும் சற்று அதிகம்தான்.

இப்போது டீலரிடம் இரண்டு விலை கேளுங்கள். இதே வண்டியை 32,000-க்கு எடுத்து, சரிசெய்து 45,000-க்கு விற்பார் என்றால், ரிப்பேர் 7,000 போக உங்கள் உச்சவரம்பு 38,000. அதற்குக் கீழே விற்பவருக்கு டீலர் தருவது 32,000. இடையில் 35,000 இருவருக்கும் நியாயம்.

ஓடோமீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டியும், பிரேக் பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சைலன்சரில் தொடர்ந்து நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் வேலைக்கான தொகையையும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கழித்துவிடுங்கள்.