கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்

2008 வாக்கில் சமூக வலைத்தளங்களில் கணக்குத் தொடங்கியவர்களுக்கு ஒரு பக்கம் நினைவிருக்கலாம். உங்கள் நண்பர்களில் யார் யார் ஏற்கெனவே இங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லி இரண்டு கட்டங்களைக் காட்டும். முதல் கட்டத்தில் மின்னஞ்சல் முகவரியை நிரப்ப வேண்டும். இரண்டாவதில் அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே தட்ட வேண்டும். ஃபேஸ்புக்கும் அப்படிக் கேட்டது, யெல்ப்பும் அப்படிக் கேட்டது. பலரும் தயங்காமல் கொடுத்தார்கள்.

அந்தத் தளத்துக்கு வேண்டியிருந்தது முகவரிப் பட்டியல் மட்டும்தான். ஆனால் அதன் கைக்குப் போனதோ மொத்த அஞ்சல்பெட்டி. வங்கி அனுப்பிய கடிதம், மருத்துவமனை அறிக்கை, மற்றத் தளங்களின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கு வரும் இணைப்பு எல்லாமே அதற்குள் இருந்தன. இதைவிட மோசமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஒழுங்காக நடத்தப்படும் எந்தத் தளமும் தன் பயனர்களின் கடவுச்சொல்லை அப்படியே சேமித்து வைக்காது. மீட்டெடுக்க முடியாத வடிவத்துக்கு மாற்றித்தான் வைக்கும். ஆனால் ஒரு தளம் உங்கள் சார்பில் இன்னொரு இடத்தில் தினமும் நுழைய வேண்டுமானால், உங்கள் கடவுச்சொல்லைத் திரும்ப எடுத்துக் காட்டக்கூடிய வடிவில்தான் வைத்திருக்க முடியும். அந்தத் தளத்தின் தரவுத்தளம் ஒருநாள் திருடு போனால் உங்கள் அஞ்சல்பெட்டியும் சேர்ந்தே போகும்.

இந்தப் பழக்கத்துக்கு மாற்றாக உருவானதுதான் ஓஆத். 2006 நவம்பரில் ட்விட்டரில் பணியாற்றிய பிளெய்ன் குக்கும் கிறிஸ் மெஸ்ஸினா போன்ற சிலரும் பேசத் தொடங்கிய விஷயம், 2007 டிசம்பரில் முதல் பதிப்பாக வந்தது. கடவுச்சொல்லை வாங்கி வேலை செய்யும் வெளிச் செயலிகளை ட்விட்டர் 2010 ஆகஸ்ட் கடைசியோடு நிறுத்திவிட்டது. இன்று நம் கைப்பேசிகளில் ஓடுவது 2012 அக்டோபரில் வெளியான இரண்டாம் பதிப்பு.

ஒரு காசோலையை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் தர வேண்டியவரிடம் நம் ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் கொடுப்பதில்லை. யாருக்கு, எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுக்கிறோம். வேண்டாமென்றால் வங்கியிடம் சொல்லி நிறுத்தியும் விடலாம். ஓஆத்தில் அந்தத் தாளின் பெயர் டோக்கன். ஒரே வேறுபாடு, தாளை எழுதுவது நீங்கள் அல்ல. நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு கணக்கு இருக்கும் நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது.

ஒரு டியூஷன் மையத்தின் செயலியை எடுத்துக்கொள்வோம். உங்கள் கூகுள் காலண்டரைப் பார்த்து, எந்த நேரம் ஓய்வாக இருக்கிறதோ அந்த நேரத்தில் வகுப்பு ஒதுக்குவது அதன் வேலை. அதை உருவாக்கியவர் முதலில் கூகுளிடம் செயலியைப் பதிவு செய்ய வேண்டும். கூகுள் அதற்கு ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சொல்லும் தரும். பயனரைத் திருப்பி அனுப்ப வேண்டிய வலைமுகவரி எது என்பதையும் அப்போதே பதிந்துகொள்ளும். பதிந்த முகவரியைத் தவிர வேறு எங்கும் கூகுள் விடை அனுப்பாது.

இப்போது நீங்கள் அந்தச் செயலியில் 'கூகுள் காலண்டரை இணை' என்ற பொத்தானை அழுத்துகிறீர்கள். செயலி உங்களிடம் எதையும் கேட்பதில்லை. உங்கள் பிரவுசரை ஒரு முகவரிக்கு அனுப்புகிறது. ஒரே வரியாக இருக்கும் அந்த முகவரியை இங்கே மடித்துத் தருகிறேன்:

```
https://accounts.google.com/o/oauth2/v2/auth
  ?client_id=1234-abcd.apps.googleusercontent.com
  &redirect_uri=https://app.example.com/back
  &response_type=code
  &scope=https://www.googleapis.com/auth/calendar.readonly
  &access_type=offline
  &state=k7Qz91
```

இதில் கவனிக்க வேண்டிய சொல் `scope`. எதுவரை அனுமதி வேண்டும் என்பதை அது சொல்கிறது. `calendar.readonly` என்றால் காலண்டரைப் படிக்கலாம், ஒன்றையும் மாற்றக் கூடாது. நீங்கள் இப்போது நிற்பது கூகுளின் பக்கத்தில். கடவுச்சொல் தேவைப்பட்டால் அங்கேதான் தருவீர்கள். கைப்பேசிக்கு வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அங்கேயே முடியும். இந்தச் செயலி உங்கள் காலண்டரைப் பார்க்க விரும்புகிறது, அனுமதிக்கிறீர்களா என்று கூகுள் கேட்கும். நீங்கள் சம்மதித்ததும் பிரவுசர் இப்படித் திரும்பி வருகிறது:

```
https://app.example.com/back?code=4/0AbCd...&state=k7Qz91
```

அந்த `code` இன்னும் டோக்கன் அல்ல. ஏன் டோக்கனையே நேராக அனுப்பக் கூடாது? பிரவுசரின் முகவரிப் பட்டை பலர் கண்ணில் படும் இடம். அதில் வந்து போவது பிரவுசரின் வரலாற்றில் தங்கும். சர்வரின் பதிவேடுகளிலும் விழும். அதனால் அந்த வழியே வருவது தனியாக இருந்தால் எதற்கும் உதவாத ஒரு குறியீடு மட்டுமே. செயலியின் சர்வர் அந்தக் குறியீட்டையும், பதிவின்போது பெற்ற ரகசியச் சொல்லையும் சேர்த்து, பிரவுசருக்குத் தெரியாமல் நேராகக் கூகுளின் சர்வரிடம் கொடுக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் டோக்கன் கிடைக்கும். குறியீடு ஒருமுறைதான் செல்லும். அதன் ஆயுள் அதிகபட்சம் பத்து நிமிடம் இருந்தால் போதும் என்கிறது ஓஆத் விதிமுறை. ஓஆத்தின் அமைப்பில் மிகுந்த யோசனையோடு செய்யப்பட்ட இடம் இதுதான் என்பேன்.

கைப்பேசிச் செயலிகளுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு. செயலி உங்கள் போனிலேயே இருப்பதால், அதற்குள் வைத்த ரகசியச் சொல்லை யாரும் பிரித்துப் பார்த்துவிடலாம். அதே போனில் இருக்கும் வேறொரு கெட்ட செயலி, திரும்பி வரும் குறியீட்டைக் குறுக்கே புகுந்து வாங்கவும் வழியிருந்தது. 2015-ல் இதற்கு ஒரு தீர்வு வந்தது. ஒவ்வொரு முறையும் செயலி ஒரு நீண்ட எழுத்துக்கோவையைத் தானே புதிதாக உருவாக்கும். அதைக் கணித முறையில் மாற்றிய வடிவத்தை மட்டும் முதலில் அனுப்பும். குறியீட்டைக் கொடுத்து டோக்கன் கேட்கும்போது மூலத்தைக் காட்டும். மாற்றிய வடிவத்திலிருந்து மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், குறியீட்டைத் திருடியவர் கையில் பயனற்ற எழுத்துகள்தான் மிஞ்சும்.

டியூஷன் செயலிக்கு இப்போது கூகுளிடமிருந்து இரண்டு டோக்கன்கள் வந்திருக்கும். முதலாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். காலண்டரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் செயலி அதைத்தான் காட்டுகிறது. அதே டோக்கனைக் காட்டி காலண்டரில் ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்க முயன்றால் கூகுள் மறுத்துவிடும். உங்கள் அஞ்சலைக் கேட்டாலும் மறுப்புதான். இரண்டாவது டோக்கனுக்கு நீண்ட ஆயுள். முதலாவது காலாவதியாகும் போதெல்லாம் இதைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் தூங்கும்போதும் செயலி காலண்டரைப் பார்க்க முடிவது இதனால்தான். ஆறு மாதம் தொடாமல் விட்டால் கூகுள் அதைச் செல்லாததாக்கிவிடும். தொடர்ந்து பயன்படுத்தினால், பொதுவாக நீங்கள் நிறுத்தும்வரை அது உயிரோடு இருக்கும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் என்ன தவறாகப் போகலாம் என்பதற்கு 2017 மே 3-ம் தேதி ஒரு விடை கிடைத்தது. அன்று ஏராளமானோருக்கு, தெரிந்தவர் ஒருவர் கூகுள் டாக்ஸில் ஆவணத்தைப் பகிர்ந்திருப்பதாக ஓர் அஞ்சல் வந்தது. அழுத்தினால் போய்ச் சேர்ந்த இடம் போலிப் பக்கம் அல்ல, அசல் கூகுள் பக்கம். 'கூகுள் டாக்ஸ்' உங்கள் அஞ்சலைப் படிக்கவும் அனுப்பவும் நீக்கவும், தொடர்புகளை நிர்வகிக்கவும் அனுமதி கேட்கிறது என்று அங்கே இருந்தது. அந்தக் கூகுள் டாக்ஸ், யாரோ ஒருவர் தம் செயலிக்கு வைத்த பெயர். அனுமதித்தவர்களின் தொடர்புப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே அஞ்சல் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதை முடக்கிவிட்டதாகவும், பாதிக்கப்பட்டது ஜிமெயில் பயனர்களில் 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் கூகுள் அறிவித்தது.

அன்று யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தவர்களையும் அது காப்பாற்றவில்லை, ஏனென்றால் அசல் உரிமையாளரே சரியாக உள்ளே நுழைந்து சம்மதம் சொன்னார். ஓஆத் தன் வேலையைச் சரியாகவே செய்தது. யாருக்கு அனுமதி தருகிறோம் என்பதை முடிவு செய்வது அதன் வேலை அல்ல, நம் வேலை. அந்த ஆண்டு ஜூலையில், சரிபார்க்கப்படாத செயலி அனுமதி கேட்டால் எச்சரிக்கைப் பக்கம் காட்டும் வழக்கத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போவதற்குத் தகுந்த காரணம் சாதாரணப் பயனருக்கு அரிதாகத்தான் இருக்கும்.

அனுமதிப் பக்கத்தில் பெயரையும் சின்னத்தையும் விட முக்கியம், கேட்கப்படும் உரிமைகளின் பட்டியல். காலண்டர் பார்க்கும் செயலி அஞ்சலை நீக்க உரிமை கேட்டால், பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான். 'கூகுள் மூலம் உள்நுழை' என்ற பொத்தான் வழக்கமாகக் கேட்பது பெயர், மின்னஞ்சல் முகவரி, புகைப்படம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வரி இருந்தால் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள்.

இன்னோர் அடையாளம் முகவரிப் பட்டை. செயலிக்கு உள்ளேயே, முகவரி தெரியாத ஒரு சட்டத்தில் கூகுள் போன்ற பக்கம் வந்து கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட சட்டத்தில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் செயலியால் படிக்க முடியும். இந்தக் காரணத்துக்காகவே கூகுள் அந்த முறையைத் தடை செய்திருக்கிறது. போனின் பிரவுசரில் ஏற்கெனவே கூகுளில் நுழைந்திருப்பவரிடம் பெரும்பாலும் கணக்கைத் தேர்ந்தெடுக்கத்தான் சொல்வார்கள். கடவுச்சொல் கேட்டால் முகவரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். டோக்கன் கடவுச்சொல்லைச் சார்ந்து இருப்பதில்லை. கூகுளில் கடவுச்சொல்லை மாற்றினால், ஜிமெயிலைத் தொடும் டோக்கன்கள் செல்லாமல் போகும். காலண்டரை மட்டும் பார்க்கும் டோக்கனுக்கு அந்த விதி இல்லை. நிறுத்துவதற்கு வழி தனியாக இருக்கிறது. `myaccount.google.com/connections` என்ற பக்கத்தைத் திறந்தால், உங்கள் கணக்கோடு இணைந்துள்ள செயலிகளும், ஒவ்வொன்றும் எதைத் தொட முடியும் என்பதும் தெரியும். எப்போதோ ஒருமுறை பயன்படுத்திய விளையாட்டும், கைவிட்ட புகைப்படச் செயலியும் அங்கே இருக்கக்கூடும். இனி தேவைப்படாத ஒவ்வொன்றின் அணுகலையும் நீக்கிவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனிலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.