பூவின் நிறமும் அது தொடுக்கப்படும் வடிவமும்

வெள்ளைப் பூ துக்கத்திற்கு, சிவப்பு அன்பிற்கு, மஞ்சள் நட்பிற்கு என்றொரு பட்டியல் வாழ்த்து அட்டைகளின் வழியே நம்மிடமும் பரவியுள்ளது. பிற நாட்டு வழக்குகளிலிருந்து வந்த அப்பட்டியல் கட்டுமாவடி போன்ற நம் ஊர்களுக்குப் பொருந்துவதில்லை. மல்லிகை தூய வெண்மையானது. ஆயினும் மணப்பெண்ணின் கூந்தலில் முதலிடம் அதற்கே. சம்பங்கியும் வெள்ளையே, அது திருமண மாலையிலும் உண்டு, இறந்தோர்க்குச் சாத்தும் மாலையிலும் உண்டு. ஆயுத பூசையன்று நம் வண்டிகளை அழகு செய்யும் செவ்வந்தியோ, பிரான்சு நாட்டில் கல்லறைக்குரிய மலர். அங்கு வாழும் உறவினர் எவரும் அதனை விருந்து வீட்டிற்கு எடுத்துச் செல்லத் தயங்குவர்.

நம்மிடையே நிறத்தைக் காட்டிலும் பூ தொடுக்கப்படும் வடிவமே பொருளை உணர்த்துகிறது. சரம் கூந்தலுக்கும் சாமி படத்திற்கும் உரியது. மாலை மணமக்களுக்கும், சிறப்பிக்கப்படுவோர்க்கும், இறந்தோர்க்கும் உரியது. ஆகவே படுக்கையில் இருக்கும் முதியவர்க்கு அன்பின் மிகுதியால் ரோசா மாலை கொண்டு வருவது, எந்த நிறமாயினும், அவர் மனத்தை வருத்தக்கூடும்.

மருத்துவமனையில் உள்ள தாயைக் காணச் செல்லும் மகள், இரண்டு முழம் பூ வாங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். கீரமங்கலம் பகுதியில் விளையும் மல்லிகையும் முல்லையும் பூக்கடையில் உள்ளன. அருகில் கனகாம்பரமும் உள்ளது. தாய்க்கு ஆஸ்துமாவோ குமட்டலோ இருப்பின் கனகாம்பரமே ஏற்றது. அதன் செம்மஞ்சள் நிறம் மங்கலமானது, மணமோ இல்லை. மூடிய அறையில் மல்லிகையின் மணம் சிலர்க்கு மூச்சுத் திணறலையும் தலைவலியையும் தூண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவிற்கும், தீக்காயமுற்றோர்க்கும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தோர்க்கும் எந்தப் பூவும் வேண்டா. பூச்சாடியில் தேங்கும் நீரில் கிருமிகள் விரைந்து பெருகும். நலமுள்ளோர்க்கு அதனால் தீங்கில்லை, இவர்களுக்கோ அது தொற்றாகலாம்.

துக்க வீட்டிற்கு மாலை எடுத்துச் செல்வது, உடல் அங்கே இருக்கும்வரைதான். அடக்கம் முடிந்தபின் வெறுங்கையுடன் செல்வதே முறை. அன்று தலையில் பூச்சூடிச் செல்வதையும் பெண்கள் தவிர்ப்பர். கணவரை இழந்த பெண்ணுக்கு அக்காட்சி ஆறாத வருத்தம் தரும். பூ சூடுதல் கைம்பெண்ணுக்கு ஆகாது என்னும் பழைய தடை நியாயமற்றதே; எனினும், அதனை மீறுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே, நாம் அல்லர்.

இக்கடற்கரையில் பல சமயத்தாரும் அருகருகே வாழ்கின்றனர். இசுலாமியர் இல்லங்களில் இறந்தோர்க்கு மாலை சாத்தும் வழக்கம் பொதுவாக இல்லை. சென்று ஆறுதல் கூறுவதும், அவ்வீட்டார்க்கு உணவு அனுப்புவதும் போதும். கிறித்தவர் இல்லத்திற்கு மலர்வளையம் பொருந்தும். அவர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைகளை மலர்களால் அணி செய்வர். அன்று நீங்கள் கொண்டு செல்லும் பூ எந்த நிறமாயினும் வரவேற்கப்படும்.