‘யாராவது இருந்தா சொல்லுங்க’ என்று கேட்காதீர்கள்

வேலை திருப்தியாக முடிந்திருக்கிறது. வாடிக்கையாளரும் மனதாரப் பாராட்டுகிறார். கிளம்பும்போது சொல்கிறோம்: “உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.” அவரும் “கண்டிப்பா சொல்றேன்” என்கிறார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் ஆனாலும் ஒரு அழைப்பும் வருவதில்லை.

அவர் சொன்னது பொய்யல்ல. அந்த ஒரு வாக்கியத்தில் நாம் அவர் தலையில் மூன்று வேலைகளைக் கட்டிவிடுகிறோம். தனக்குத் தெரிந்த நூறு பேரில் யாருக்கு இது தேவைப்படும் என்று அவர் யோசிக்க வேண்டும். நம் வேலையை அந்த ஆளுக்குப் புரியும்படி விளக்க வேண்டும். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் ‘நீதானே அனுப்பினாய்’ என்ற பேச்சையும் அவரே கேட்க வேண்டும். தன் தொழிலைக் கவனிக்கவே நேரம் போதாத ஒருவர் இந்த மூன்றையும் நமக்காகச் செய்ய மாட்டார். பரிந்துரை வர வேண்டுமென்றால் மூன்றையும் நாமே செய்து முடித்து, அவருக்கு அரை நிமிட வேலையை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும்.

கோவையில் சிறு தொழிற்கூடங்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆடிட்டர் அல்ல, கணக்கு எழுதி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் பம்ப் செட் தயாரிக்கும் சிறு யூனிட்டின் முதலாளி. அந்த முதலாளியிடம் இவர் எப்படிப் பரிந்துரை கேட்கலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

யாரை என்று நாமே சொல்வது

‘யாராவது’ என்று கேட்டால் யார் முகமும் நினைவுக்கு வராது. ‘இந்த மாதிரி ஒருத்தர்’ என்று கேட்டால் உடனே ஒருவர் நினைவுக்கு வருவார். அந்த ‘ஒருத்தரை’ எங்கே தேடுவது? வாடிக்கையாளரின் தொழிலில் யாருடைய குறை அவருக்கே செலவு வைக்கிறதோ, அங்கே தேட வேண்டும்.

பம்ப் யூனிட்காரர் ஒரு சிறு பட்டறையில் அக்டோபர் முதல் வாரத்தில் 1,00,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறார். 18 சதவீத வரி 18,000 ரூபாய். அந்தத் தொகையைத் தன் வரியில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 2022 ஜனவரி முதல், விற்றவர் அந்த பில்லை ஏற்றி, அது வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வந்திருந்தால்தான் கழிக்க முடியும். அந்தப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி தயாராகிறது.

பட்டறைக்காரரோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அந்த வசதி உண்டு. அப்படிப்பட்டவர்களும் காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அடுத்தடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். என்ற வழியில் ஏற்றலாம். ஆனால் அது கட்டாயமில்லை என்பதால் பலர் ஏற்றுவதில்லை. பட்டறைக்காரரும் ஏற்றாமல் விட்டால், அக்டோபர் பில் ஜனவரி 14-ஆம் தேதிதான் வாங்கியவரின் பட்டியலில் தெரியும். நவம்பர் 20-ஆம் தேதி கழித்திருக்க வேண்டிய 18,000 ரூபாயைக் கைப்பணமாகக் கட்டிவிட்டு, ஜனவரி 20 வரை இரண்டு மாதம் பம்ப் யூனிட்காரர் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கணக்காளர் கேட்க வேண்டிய ஆள் தெளிவாகிவிட்டது: ‘உங்களுக்குச் சரக்குத் தருகிற, காலாண்டு ரிட்டர்ன் போடுகிற சிறு பட்டறைக்காரர்.’ பட்டறைக்காரரின் பில்கள் மாதாமாதம் ஏறினால் பரிந்துரைத்தவரின் பணமும் முடங்காது. பரிந்துரையால் சொல்பவருக்கே நேரடிப் பயன் இருக்கும்போது, அதை உதவி என்று கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

வேறு தொழில்களிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். கம்ப்ரஸர் சர்வீஸ் செய்பவர், ‘உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்களில் யார் மெஷின் ரிப்பேர் என்று அடிக்கடி தாமதமாகக் கொடுக்கிறார்?’ என்று கேட்கலாம். பதிலாக ஒரு பெயர் வரும்.

எப்போது கேட்பது

இந்தத் தொழிலில் 10-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை வாயே திறக்கக் கூடாது. 11-ஆம் தேதி விற்பனை விவரம், 14-ஆம் தேதி 2பி, 20-ஆம் தேதி 3பி என்று எல்லோருக்கும் நெருக்கடி. கட்டணத்துக்கான பில்லைக் கொடுக்கிற நாளும் சரியில்லை. பணமும் பரிந்துரையும் ஒரே பேச்சில் வந்தால் இரண்டுமே கசக்கும். ரிட்டர்ன் முடிந்த பிறகு, 21-ஆம் தேதிக்கு மேல், ‘எல்லாம் முடிஞ்சுது’ என்று தகவல் சொல்கிற பேச்சுதான் தோது.

திருப்தி இருக்கிறதா என்பதை வாடிக்கையாளரின் வார்த்தையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘நல்லா பண்றீங்க’ என்பது மரியாதை. ‘போன வருஷம் ரெண்டு நோட்டீஸ் வந்துச்சு, இந்த வருஷம் ஒண்ணுகூட வரலை’ என்பதுதான் திருப்தி. இப்படிக் குறிப்பாக எதையும் சொல்லாதவரிடம் இன்னும் கேட்காமல் இருப்பதே நல்லது.

பேச்சு இப்படிப் போகலாம்:

“அண்ணா, இந்த மாசம் ரிட்டர்ன் முடிஞ்சுதுங்க. ரெண்டு சப்ளையர் பில் மட்டும் 2பி-ல வரலை.”

“அதே ஆளுங்கதானேம்மா? சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.”

“அவங்கள்ல யாருக்காவது கணக்குப் பார்க்க சரியான ஆள் இல்லைனு உங்களுக்குத் தோணுதுங்களா? ஒருத்தரை மட்டும் சொன்னாப் போதும். பில்லு மாசாமாசம் ஏறுற மாதிரி நான் பார்த்துக்குறேன். அவருக்கு அனுப்புறதுக்கு ஒரு மெசேஜ் நானே எழுதித் தர்றேனுங்க. தோதுப்படலைனா விட்டுடுங்க, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

ஒருவரை மட்டும் கேட்டிருக்கிறார். ஐந்து பேர் பெயர் கேட்டால் அது பட்டியல் போடும் வேலையாகிவிடும். மறுக்கவும் வழி விட்டிருக்கிறார். அந்த வழி இல்லாவிட்டால் அவர் மறுக்க மாட்டார். அதற்குப் பதில் நம் அழைப்பை எடுக்காமல் இருப்பார்.

என்ன சொல்வது என்பதை எழுதிக் கொடுப்பது

‘என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க’ என்று வாடிக்கையாளர் நம்பரைக் கொடுத்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பவருக்கு அது இன்னொரு விற்பனை அழைப்புதான். வாடிக்கையாளரே முதலில் ஒரு வார்த்தை சொல்லி, அவர் சம்மதித்த பிறகு நாம் பேசுவதே முறை. அதற்காகத்தான் அந்த மெசேஜ்.

வாட்ஸ்அப்பில் அதைத் தனி மெசேஜாக அனுப்ப வேண்டும். ‘அண்ணா, நீங்க கேட்டது இதுதான்’ என்பது ஒரு மெசேஜ். கீழே, அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடியது இன்னொரு மெசேஜ். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர் வெட்டி ஒட்ட வேண்டும், அந்த இடத்திலேயே வேலை நின்றுபோகும். ஃபார்வர்டு செய்ய வேண்டியது இப்படி இருக்கலாம்:

“வணக்கம். சிறு பட்டறைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். காலாண்டு ரிட்டர்ன் போடுபவர்களின் பில்களை மாதாமாதம் 13-ஆம் தேதிக்குள் ஏற்றிவிடுவேன். உங்களிடம் வாங்குபவர்களுக்கு வரிக் கழிவு தாமதமாகாது. முதலில் உங்கள் போன காலாண்டு பில்களைப் பார்த்து, என்ன வேலை, மாதம் எவ்வளவு ஆகும் என்று சொல்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. விருப்பம் இருந்தால் இந்த எண்ணுக்கு ‘சரி’ என்று அனுப்புங்கள், நான் கூப்பிடுகிறேன்.”

கீழே பெயரும் எண்ணும். இதில் வாடிக்கையாளரின் பெயர் இல்லை, ‘உங்கள் பில் வரவில்லை’ என்ற குறையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சரக்குத் தருபவரிடம் குற்றம் சொல்வதுபோல ஒரு மெசேஜை எந்த முதலாளியும் அனுப்ப மாட்டார். ஃபார்வர்டு செய்துவிட்டு, ‘எனக்கு இவங்கதான் பார்க்குறாங்க, நோட்டீஸ் எதுவும் வரலை’ என்று அவர் குரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரிதான் உண்மையான பரிந்துரை. அது அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

எங்கே இடிக்கிறது என்பது பதில்களிலேயே தெரிந்துவிடும். ‘சொல்றேன்’ என்று சொல்லி, பெயர் சொல்லாமல் விட்டால் நாம் கேட்ட ஆள் யார் என்பது அவருக்குப் புரியவில்லை, அல்லது மனமில்லை. ‘அவர்கிட்ட என்னனு சொல்றது?’ என்று கேட்டால் மெசேஜ் தெளிவாக இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ‘எவ்வளவு ஆகும்?’ என்றே ஆரம்பித்தால், நம்மைக் குறைந்த கட்டணத்துக்காக அறிமுகப்படுத்துகிறார்கள் என்று பொருள்.

அவர் பெயரைக் காப்பாற்றுவது

பரிந்துரைப்பவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். ‘சரி’ என்று மெசேஜ் வந்தால் அன்றே கூப்பிட வேண்டும். நேரமில்லாத மாதமென்றால் பரிந்துரையே கேட்டிருக்கக் கூடாது. பேசி முடித்ததும், வேலை கிடைத்ததோ இல்லையோ, ‘பேசிட்டேனுங்க, ரொம்ப நன்றி’ என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டறைக்காரரின் விற்பனை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது மட்டும் அந்தப் பேச்சில் வரவே கூடாது. வாங்குபவர், விற்பவர் இருவர் கணக்கும் ஒரே மேஜையில் இருக்கும்போது இது மிக முக்கியம். ஒருவர் விலை மற்றவருக்குப் போகாது என்பதை இருவரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பேரம் நடக்கிற இருவருக்குள் இது சரிவராது என்று பட்டால், அந்த வேலையை விட்டுவிடுவதே நேர்மை.

கமிஷன் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பணம் வாங்கினார் என்று தெரிந்த நொடியில் அவர் சொன்ன நல்ல வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். முதலாளிக்குத் தெரியாமல் அவர் ஊழியருக்குக் கொடுத்தால் அது லஞ்சம். ஆடிட்டர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இன்னும் கடுமை: வேலை கேட்டு அணுகுவதையே அவர்களுடைய தொழில் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவர்கள் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்வதற்கு முன் அந்த விதிகளைப் படிக்க வேண்டும்.

ஒருவரிடம் ஒரு முறை கேட்டு, ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கு மேல் கேட்டால், கணக்கு பார்க்கிற பெண்ணின் போன் வந்தாலே அவருக்குப் பரிந்துரைதான் நினைவுக்கு வரும். ரிட்டர்ன் விஷயமாகக் கூப்பிட்டாலும் எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தால் ஒரு பில் தவறிப்போனால், இருக்கிற வாடிக்கையாளரையும் இழக்க நேரும்.