காது அரிக்கிறதா? கம்மலின் தண்டைப் பாருங்கள்

“எனக்குக் கவரிங் சேராது” என்று பெண்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருப்போம். மருத்துவமும் அதை ஒப்புக்கொள்கிறது. சேராமல் போவது பெரும்பாலும் அந்த நகையில் இருக்கும் நிக்கல் என்ற உலோகம்.

கவரிங் நகையின் உடல் செம்பு அல்லது பித்தளை. மேலே தெரிவது மெல்லிய தங்க முலாம். இரண்டுக்கும் நடுவே நிக்கல் பூச்சு ஒன்று கொடுப்பது வழக்கம். பளபளப்பு கூடும், அடியில் உள்ள செம்பின் நிறம் மேலே ஏறாது, விலையும் குறைவு. மேல்முலாம் தேய்ந்ததும் வியர்வையின் உப்பு நிக்கலைத் தொடுகிறது. உலோகம் மிக நுண்ணிய அளவில் கரைந்து தோலுக்குள் இறங்குகிறது. அதிகம் தேய்வது முகப்பு அல்ல. காதின் ஓட்டைக்குள் போய்வரும் தண்டும், பின்னால் இறுக்கும் திருகாணியும்தான்.

ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் கவரிங் ஜிமிக்கி போட்டுக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு கழற்றி வைக்கும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. திங்கள் மாலை காது மடலின் கீழ்ப்பகுதி லேசாக அரிக்கிறது. செவ்வாய் காலையில் இரண்டு காதும் சிவந்து தடித்து, ஓட்டையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். சொறிந்ததும் அவை உடைந்து நீர் வடிகிறது. காய்ந்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டுகிறது. ஜிமிக்கியைக் கழற்றி ஒன்றரை நாள் ஆகிவிட்டதால் யாருக்கும் அதன் மேல் சந்தேகம் வருவதில்லை. பழி பந்தியில் சாப்பிட்ட கத்தரிக்காய் மீதோ, புதிதாக வாங்கிய ஷாம்பு மீதோ விழுகிறது.

இந்தத் தாமதம்தான் நிக்கல் ஒவ்வாமையின் அடையாளம். பூச்சி கடித்தால் நிமிடங்களில் தடிப்பது போன்றது இல்லை இது. தோலுக்குள் வந்த நிக்கலை ‘டி செல்’ என்ற வெள்ளணுக்கள் அடையாளம் கண்டு, பெருகி, அந்த இடத்துக்குத் திரண்டு வர ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும்.

“காலேஜ் படிக்கும்போது தினமும் போட்டேனே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே?” என்று அவர் கேட்கலாம். பிறக்கும்போதே வருவதல்ல இந்த ஒவ்வாமை. நிக்கல் மறுபடி மறுபடி தோலில் பட்டு, ஒரு கட்டத்தில் உடல் அதைப் பகையாகப் பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பதிவு அநேகமாக ஆயுளுக்கும் அழியாது. பிறகு ஜீன்ஸ் பட்டன் தொப்புளுக்குக் கீழேயும், வாட்ச் பக்கிள் மணிக்கட்டிலும் இதே அரிப்பைக் கொண்டுவரும். பதிவு ஆவதற்கு மிக எளிதான வழி, புதிதாகக் குத்திய காது. அங்கே தடுப்பாகத் தோல் இல்லை. பச்சைப் புண்ணுக்குள் உலோகம் வாரக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே காது குத்தும்போது முதலில் எந்த உலோகம் உள்ளே போகிறது என்பதுதான் முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 1994-இல் வந்த விதி பின்னர் திருத்தப்பட்டு, குத்திய துளைக்குள் போகும் நகையின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்கிறது. நகையில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று அது கேட்கவில்லை. எவ்வளவு கசிகிறது என்றே கேட்கிறது.

ஒவ்வாமையா, சீழ்ப்புண்ணா?

ஒவ்வாமையில் அரிப்புதான் முதல் தொல்லை. பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும்; வடிவது தண்ணீர் போன்ற நீர். கிருமி சேர்ந்த புண்ணில் வலி முந்திக்கொள்ளும். காது சூடாகி விண்விண் என்று தெறிக்கும். கெட்டியான சீழ் வரும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். சொறிந்து சொறிந்து ஒவ்வாமைப் புண்ணில் கிருமி ஏறுவதும் உண்டு. காதின் மேற்பகுதியில், குருத்தெலும்பில் குத்திய இடம் வீங்கி வலித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே கிருமி பரவினால் காதின் வடிவமே குலைந்துவிடும்.

ஒவ்வாமை என்றால் முதல் வேலை கம்மலைக் கழற்றுவது. நீர் வடியும்போது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைக்கலாம். மருத்துவர் மிதமான ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பார். மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கலாம். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்துபோகும். அவற்றில் சேர்க்கும் நியோமைசின் சிலருக்குத் தனியாக ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். ஓட்டை தூர்ந்துவிடுமோ என்ற பயத்தில் புண்ணில் வேப்பங்குச்சியைச் செருகுபவர்கள் உண்டு. அது கிருமி நீக்கிய பொருள் அல்ல. புண் ஆறிய பிறகு பிளாஸ்டிக் தண்டு போட்டால் போதும்.

எதைப் போடலாம்?

22 காரட் மஞ்சள் தங்கம் நல்ல தேர்வு. 916 முத்திரை இருந்தால் அதில் 91.6 சதவீதம் தங்கம். மிச்சம் வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். குழந்தைக்குப் பத்தர் தங்கக் கம்பியால் காது குத்தும் பழைய முறை இந்த வகையில் சரியானதே. ஆனால் முத்திரை தங்கத்தின் அளவை மட்டும்தான் சொல்லும். 18 காரட் வெள்ளைத் தங்கத்தை நிக்கல் கலந்தும் வெளுப்பார்கள், பல்லேடியம் கலந்தும் வெளுப்பார்கள். எது என்று கடையில் கேட்டுத்தான் ஆக வேண்டும். முகப்பைத் தங்கத்தில் செய்து, தண்டையும் திருகாணியையும் வேறு உலோகத்தில் வைத்த கம்மல்களும் உண்டு.

‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரைக் கேட்டதும் பயமில்லை என்று தோன்றும். 316எல் வகை எஃகில் பத்து முதல் பதினான்கு சதவீதம் நிக்கல் இருக்கிறது. அது இறுகப் பிணைந்திருப்பதால் குறைவாகவே கசியும். ஆறிய காதில் பலருக்கு ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் புதுத் துளைக்கும் அது வேண்டாம். பார்லர்களில் துப்பாக்கி வைத்து அடிக்கும் கம்மல் பல நேரம் முலாம் பூசிய எஃகுதான். ‘ஜெர்மன் சில்வர்’ நகையில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. மிகவும் பாதுகாப்பானவை, உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியமும் நியோபியமும். டைட்டானியம் என்றால் ‘ஏஎஸ்டிஎம் எஃப்136’ என்ற தரக்குறியைக் கேட்டு வாங்கலாம்.

கையிலுள்ள கம்மலைச் சோதிக்க டைமெதில்கிளையாக்சிம் என்ற கரைசல் இருக்கிறது. பஞ்சில் இரண்டு சொட்டு விட்டுத் தண்டில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும்போது பஞ்சு இளஞ்சிவப்பாகும். நகைக்குச் சேதம் இல்லை. புது முலாம் மூடியிருந்தால் நிறம் மாறாமலே போகலாம் என்பதால், தேய்ந்த நகையிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது. தண்டில் நெயில் பாலிஷ் பூசுவதும் இந்த முலாம் போலத்தான்: கொஞ்ச நாளில் உரிந்துவிடும், அரிப்பு திரும்பி வரும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்துகொள்ளலாம். நிக்கல் சல்பேட் கலந்த களிம்பை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மூன்றாவது அல்லது நான்காவது நாள் மறுபடி பார்ப்பார்கள். ஒவ்வாமை உறுதியானால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவரிடமும், எலும்புக்குத் தகடு வைக்கும் மருத்துவரிடமும் முதலிலேயே அதைக் காட்ட வேண்டும். அவர்கள் எடுக்கும் உலோகத்திலும் நிக்கல் இருக்க வாய்ப்பு உண்டு.