தைராய்டு குறிப்பிலிருந்து ஒரு தேர்வு வினா

தைராய்டு நோய்களைப் பற்றி மருத்துவ மாணவர் எடுக்கும் குறிப்புகள் ஒரே நோட்டில் இருப்பதில்லை. ஹார்மோன் சுரக்கும் விதம் உடலியங்கியல் நோட்டில் இருக்கும், கார்பிமசோல் மருந்தியல் நோட்டில் இருக்கும். வார்டு ரவுண்ட்ஸில் கேட்டது சட்டைப்பைக் குறிப்பேட்டில் கிடக்கும். இவற்றிலிருந்து எம்.சி.க்யூ. எழுத நினைப்பவர் முதலில் ஒரு மருத்துவ முடிவைத் தேர்ந்துகொண்டு, அதைத் தொடும் வரிகளை மட்டும் திரட்ட வேண்டும். இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்திருக்கும் நோயாளிக்கு என்ன மருந்து கொடுப்பது என்பது அப்படிப்பட்ட ஒரு முடிவு.

திரட்டிய வரிகள் இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்: "டி.எஸ்.எச். குறைவு = ஹைப்பர்தைராய்டு." "கிரேவ்ஸ்: கண் பிதுக்கம், கார்பிமசோல்." "சப்அக்யூட் தைராய்டிடிஸ்: வைரஸ் காய்ச்சலுக்குப் பின், கழுத்து வலி, ஈ.எஸ்.ஆர். அதிகம், அயோடின் குறைவு."

எழுதத் தொடங்குமுன் இவற்றைப் பாடநூலோடு ஒப்பிட வேண்டும். முதல் வரி அரைகுறையானது. பிட்யூட்டரி சுரப்பி கெட்டாலும் டி.எஸ்.எச். குறையலாம், ஆனால் அப்போது டி4 அளவும் குறைந்திருக்கும், நோயாளிக்கு இருப்பது ஹைப்போதைராய்டு. கடைசி வரியில் உள்ள "அயோடின் குறைவு" என்பதையும் தெளிவாக்க வேண்டும். அது உணவில் அயோடின் குறைவதைச் சொல்லவில்லை. ஸ்கேனுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடினைச் சுரப்பி உறிஞ்சாததையே சொல்கிறது. பிழையான குறிப்பு வினாவாகிவிட்டால், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்தப் பிழைதான் மனத்தில் ஊன்றும்.

சரிபார்த்த வரிகளிலிருந்து எழும் வினா இது:

முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, காய்ச்சலும் தொண்டை வலியும் வந்துபோன சில வாரங்களில் கழுத்தின் முன்பக்கம் வலிக்கிறது. வலி காதுவரை பரவுகிறது. படபடப்பு இருக்கிறது, நாடித்துடிப்பு 110. தைராய்டைத் தொட்டாலே வலிக்கிறது. டி.எஸ்.எச். மிகக் குறைவு, டி4 அதிகம், ஈ.எஸ்.ஆர். 80. கதிரியக்க அயோடின் உறிஞ்சல் 2 சதவீதம். ஆஸ்துமா இல்லை. இவருக்கு ஏற்ற சிகிச்சை எது?

அ) கார்பிமசோல்
ஆ) இபுப்ரோஃபெனும் புரோபிரனலாலும்
இ) கதிரியக்க அயோடின்
ஈ) லெவோதைராக்சின்

விடை ஆ. இதற்கான விளக்கம் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும். அழற்சியால் சுரப்பியின் நுண்ணறைகள் சிதைந்து, ஏற்கெனவே சேமித்து வைத்த ஹார்மோன் இரத்தத்தில் கசிகிறது. சுரப்பி புதிதாக எதையும் தயாரிக்கவில்லை; அயோடினை அது உறிஞ்சாதது அதனால்தான். எனவே வலிக்கும் அழற்சிக்கும் இபுப்ரோஃபென், படபடப்புக்குப் புரோபிரனலால். இந்த ஒரு காரணம் பிடிபட்டால் மற்ற மூன்றும் தாமாகவே விலகும். கார்பிமசோல் ஹார்மோன் தயாரிப்பைத் தடுக்கும் மருந்து. நடக்காத தயாரிப்பைத் தடுத்துப் பயனில்லை. உறிஞ்சாத சுரப்பியில் கதிரியக்க அயோடின் வேலை செய்யாது. ஹார்மோன் மிகுந்திருக்கும் இப்போது லெவோதைராக்சின் கேடு செய்யும். பின்னால் சிலருக்கு வரும் குறைபாட்டுக் கட்டத்தில் அது தேவைப்படலாம்.

தவறான விடைகளை இப்படித் தேர்ந்தெடுப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. மூன்றும் தைராய்டு நோய்களில் உண்மையாகவே பயன்படும் சிகிச்சைகள். வேறொரு நோயாளிக்கு அவை சரியாக இருக்கும். இன்சுலினை ஒரு விடையாக வைத்திருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அந்த இடம் வீண். மாறாக, பிரெட்னிசோலோனைத் தனி விடையாக வைத்தால் வினாவே கெட்டுவிடும். வலி கடுமையானவர்களுக்கும் இபுப்ரோஃபெனில் அடங்காதவர்களுக்கும் அதைக் கொடுப்பதுண்டு. இரண்டு விடைகள் சரியாகி வாதம் கிளம்பும். ஆஸ்துமா இல்லை என்று வினாவில் சொன்னதற்கும் இதே காரணம்தான். ஆஸ்துமா இருந்தால் புரோபிரனலால் ஆகாது, சரியான விடையே இல்லாமல் போய்விடும்.

எழுதிய வினா நல்லதா என்று அறிய நான்கு விடைகளையும் கையால் மூடிவிட்டுப் படிக்க வேண்டும். வினாவை மட்டும் கொண்டே விடையை ஊகிக்க முடிந்தால் அது தேறியது. "கீழ்க்கண்டவற்றுள் தைராய்டு பற்றிச் சரியானது எது?" என்ற வகை வினா இதில் தேறாது.

அதே வினாவில் வலியையும் காய்ச்சலையும் நீக்கி, ஈ.எஸ்.ஆரை இயல்பாக்கி, கண் பிதுக்கத்தைச் சேர்த்து, உறிஞ்சல் 60 சதவீதம், சுரப்பி முழுவதும் சீராகப் பரவியிருக்கிறது என்று மாற்றினால் நோய் கிரேவ்ஸ் ஆகிவிடும். இப்போது சுரப்பி உண்மையாகவே மிகையாகத் தயாரிக்கிறது, விடை கார்பிமசோல். இங்கே கதிரியக்க அயோடினும் ஏற்கத்தக்க சிகிச்சை என்பதால், அந்த விடையை எடுத்துவிட வேண்டும். அல்லது கண் நோய் கடுமையானது என்று வினாவில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கதிரியக்க அயோடின் கண் நோயை மோசமாக்கக்கூடும். இந்த இரண்டு வினாக்களையும் அடுத்தடுத்து வைக்காமல், சில நாள் இடைவெளி விட்டு, மற்ற வினாக்களோடு கலந்து படிப்பதே நல்லது.