கழுத்து எக்ஸ்ரேயில் கோடு ஏன் உடைகிறது?

பைக்கிலிருந்து விழுந்தவரின் கழுத்தைப் பக்கவாட்டில் படமெடுத்ததும், மருத்துவர் முதலில் எலும்புகளை எண்ணுவது ஏன்? ஏழாவது கழுத்தெலும்பும் அதற்கடுத்த மார்பு முள்ளெலும்பின் மேல்விளிம்பும் தெரியாத படம் பாதிப் படம்தான். தோள் மறைத்த இடத்திலேயே காயம் ஒளிந்திருக்கலாம்.

பிறகு முள்ளெலும்புகளின் முன்விளிம்பு, பின்விளிம்பு, தண்டுவடக் கால்வாயின் பின்சுவர் என மூன்று கோடுகளைக் கண்ணாலேயே இழுக்கிறார். மூன்றும் உடையாமல் மெல்ல வளைந்து ஓட வேண்டும். ஐந்தாம் எலும்பு ஆறாவதன் மேல் முன்னோக்கி நழுவியிருந்தால் கோட்டில் ஒரு படி விழும். நழுவல் எலும்பின் அகலத்தில் கால் பங்கு என்றால் ஒரு பக்க மூட்டு மட்டும் பிசகியிருக்கலாம்; பாதியை எட்டினால் பெரும்பாலும் இரு பக்கமும்.

அந்த இரண்டு எலும்புகளின் முள்நீட்சிகள் மட்டும் பின்னால் விசிறிபோல் விலகியிருந்தால், அவற்றைப் பிணைக்கும் நார் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரே சில முறிவுகளைத் தவறவிடும். அதனால் பெரியவர்களுக்கு இப்போது பல மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேனே முதல் சோதனை.