மேனேஜருக்கு ஒரு மெயில்: தீபாவளியிலிருந்து பொங்கல் வரை

நூல் மில்லில் மின்சாரத்துக்கு அடுத்தபடியாக எல்லா இடத்துக்கும் குழாயில் போவது அழுத்தக் காற்று. ஆட்டோகோனரில் நூல் அறுந்தால் இரண்டு முனைகளையும் முடிச்சில்லாமல் சேர்த்துவிடும் ஸ்பிளைசருக்கு அந்தக் காற்றுதான் உயிர். கம்ப்ரஸர் அறையில் பெரிய மோட்டார் ஒன்று இரவும் பகலும் ஓடி இதைத் தயாரிக்கிறது. வழியில் தேய்ந்த கப்ளிங், வெடித்த பி.யு. ட்யூப், சரியாக மூடாத வால்வு என்று எங்காவது கசிந்துகொண்டே இருக்கும். எண்ணெய் ஒழுகினால் தரை காட்டிக்கொடுத்துவிடும். காற்றுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது. சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இப்படியே போய்விடும்.

இதை அடைக்க வேண்டும் என்று மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் ஃபேக்டரி மேனேஜருக்கு மெயில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆளும் மில்லும் கற்பனை, கணக்கு மட்டும் நடைமுறையில் வரக்கூடியது. முழு மில்லுக்கும் அனுமதி கேட்டால் கோப்பு முதலாளியின் மேசைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு ஹாலில் முன்னோட்டமாகச் செய்து பார்க்கக் கேட்கிறார்.

மெயிலுக்கு முன்னால் அவர் ஒரு வேலையைச் செய்து முடித்துவிடுகிறார். தீபாவளிக்கு மில் நிற்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, கையில் ஒரு ஸ்டாப்வாட்சுடன் நிற்கிறார். எந்த இயந்திரமும் காற்று எடுக்காதபோது குழாயில் அழுத்தம் குறையக் கூடாது. கசிவு இருந்தால் குறையும். குறைந்ததும் கம்ப்ரஸர் லோடு எடுத்து நிரப்பும். நிரம்பியதும் அன்லோடுக்குப் போய்ச் சும்மா சுழலும். லோடில் இருந்த நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம் வந்துவிடும். ஆற்றல் தணிக்கை படிப்பவர்களுக்கான பாடநூலில் இருக்கும் சோதனைதான் இது, பைசா செலவில்லை.

அவருக்குக் கிடைத்தது: லோடு 50 வினாடி, அன்லோடு 150 வினாடி. அதாவது 25 சதவீதம். பிறகு ஆட்டோகோனர் ஹாலுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடி பார்க்கிறார்: 30 வினாடி, 200 வினாடி. கசிவு 13 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு ஹாலின் பங்கு மட்டும் 12 சதவீதம். எந்த ஹாலில் தொடங்குவது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது பணக் கணக்கு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். லோடில் இந்தக் கம்ப்ரஸர் மணிக்கு 80 யூனிட் இழுக்கிறது. அதில் 12 சதவீதம், 24 மணி நேரம், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று பெருக்கினால் மாதம் 55,000 ரூபாய் மிச்சம் என்று வரும். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் கம்ப்ரஸர் அன்லோடில் சுழலும்போதும் மணிக்கு 28 யூனிட் தின்கிறது. கசிவை அடைத்தால் லோடு நேரம் அன்லோடு நேரமாக மாறுமே தவிர மோட்டார் நின்றுவிடாது. மிச்சமாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 52 யூனிட்டின் பங்குதான். எல்லாக் கசிவையும் அடைக்கவும் முடியாது. பாதி அடைபடும் என்று வைப்பதே நியாயம். 52-இல் 6 சதவீதம் என்றால் நாளுக்கு 75 யூனிட், 600 ரூபாய். மாதம் 18,000. மோட்டாரின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும் புதுவகைக் கம்ப்ரஸராக இருந்தால் பலன் கூடும்; இந்த மில்லில் இருப்பது பழையது.

இத்தனையும் முடிந்த பிறகு எழுதிய மெயில் இவ்வளவுதான்:

*பொருள்: ஆட்டோகோனர் ஹாலில் காற்றுக் கசிவு அடைத்தல் – பொங்கல் வரை முன்னோட்டம் – ரூ. 46,000 அனுமதி வேண்டி*

*சார், வணக்கம்.*

*தீபாவளி விடுமுறையில் கம்ப்ரஸர் சோதனை செய்தோம். நம் காற்றில் 25 சதவீதம் கசிகிறது. அதில் 12 சதவீதம் ஆட்டோகோனர் ஹாலில் மட்டும் போகிறது. அந்த ஹாலில் மட்டும் கசிவுகளை அடைத்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன்.*

*செலவு: கப்ளிங், ட்யூப், வால்வு 28,000 ரூபாய். கசிவு கண்டுபிடிக்கும் கருவி வாடகை 12,000. இரண்டு ஃபிட்டர்களுக்கு ஓவர்டைம் 6,000.*

*பலன்: கசிவு பாதியாகக் குறைந்தால் மாதம் சுமார் 18,000 ரூபாய் மின்சாரம் மிச்சம். போட்ட பணம் இரண்டரை மாதத்தில் திரும்பும். முன்னோட்டக் காலத்துக்குள் முழுவதும் திரும்பாது.*

*உற்பத்தி நிற்காது. ஒவ்வொரு இயந்திரமும் வழக்கமான பராமரிப்புக்கு நிற்கும்போது மட்டும் வேலை செய்வோம்; மூன்று வாரத்தில் முடியும்.*

*பொங்கல் விடுமுறையில் அதே சோதனையை மறுபடி செய்வோம். ஹாலின் கசிவு 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மற்ற ஹால்களுக்குப் பணம் கேட்க மாட்டேன்.*

*இந்த வாரத்துக்குள் அனுமதி கிடைத்தால் வாடகைக் கருவிக்குச் சொல்லிவிடலாம்.*

இதில் மேனேஜரின் கண் முதலில் போவது 46,000 என்ற தொகையில்தான். அது அவரே கையெழுத்திடக்கூடிய வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முன்னோட்டத்தின் அளவை வேலையை வைத்துத் தீர்மானிப்பதைவிட இந்த வரம்பை வைத்துத் தீர்மானிப்பது நல்லது என்பேன். அடுத்து “உற்பத்தி நிற்காது” என்ற இரண்டு சொற்கள். அவை இல்லாவிட்டால் மெயில் அங்கேயே முடிந்தது. ஓவர்டைமைத் தனியாகக் காட்டியதும் கவனிக்க வேண்டியது. “நம்ம ஆட்களே செய்துவிடுவார்கள்” என்று எழுதி அந்தச் செலவை மறைப்பது வழக்கம்; மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் அது வெளியே வந்துவிடும்.

ஏன் பொங்கல் வரை? மூன்று மாதம் என்று பொதுவாக எழுதியிருக்கலாமே? காரணம் அளவீட்டில் இருக்கிறது. மின் மீட்டரைப் பார்த்து முடிவு சொல்ல நினைத்தால் இந்த முன்னோட்டம் தோற்றுவிடும், வேலை நன்றாக நடந்திருந்தாலும்கூட. இந்தக் கம்ப்ரஸர் நாளுக்கு 1,600 யூனிட்டுக்கு மேல் இழுக்கிறது. எதிர்பார்க்கும் மிச்சம் 75, நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நூலின் கவுன்ட் மாறினாலோ, நூல் அதிகம் அறுந்து ஸ்பிளைசர் கூடுதலாக வேலை செய்தாலோ, அந்த ஏற்ற இறக்கத்தில் 75 காணாமல் போய்விடும். பில் ஏறியிருந்தால் “கசிவை அடைத்து என்ன கண்டோம்” என்பார்கள், இறங்கியிருந்தால் அது அடைத்ததால்தான் என்று நிரூபிக்க முடியாது. எல்லா இயந்திரமும் நின்று, கம்ப்ரஸர் மட்டும் ஓடும்போது எடுக்கும் ஸ்டாப்வாட்ச் கணக்குதான் இரண்டு முறையும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கது. மூன்று ஷிப்டும் ஓடும் மில்லில் அப்படிப்பட்ட நாள் பண்டிகைக்குத்தான் வரும். அடைத்த கசிவுகள் சில வாரங்களில் மறுபடி வாய் திறப்பதும் உண்டு. வேலை முடிந்த மறுநாளே அளந்தால் அது தெரியாது. ஆறு வாரம் கழித்து அளக்கும்போது தெரிந்துவிடும்.

எட்டு சதவீதம் என்ற கோட்டை அவரே முன்கூட்டிப் போட்டுக்கொண்டதற்கும் கணக்கு இருக்கிறது. 12-லிருந்து 8-க்கு இறங்கினால் மிச்சம் மாதம் 12,000 ரூபாய். பணம் திரும்ப ஏறக்குறைய நான்கு மாதம். அதற்கும் கீழே போனால், தேய்ந்த உதிரிகளை மறுபடி மாற்றும் செலவு பலனைத் தின்னத் தொடங்கும். இந்த எண்ணை மேனேஜர் கேட்டு வாங்குவதும் உண்டு. தானாகவே எழுதியவரிடம் குறைவாகக் கேள்வி கேட்பார்கள்.

ஒரு கேள்வி மட்டும் நிச்சயம் வரும்: “ஏம்ப்பா, பாதியோட ஏன் நிறுத்தறே? பன்னெண்டையும் அடைச்சிடு.” அதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். குழாய், கப்ளிங், ட்யூப் வரைதான் மில் ஃபிட்டர் கை வைக்கலாம். மீதிக் கசிவு இயந்திரத்துக்குள் இருக்கும் வால்வுகளிலும் ஸ்பிளைசரின் சீல்களிலும் இருக்கிறது. அதைத் தொட இயந்திரக் கம்பெனியின் சர்வீஸ் ஆள் வர வேண்டும், அசல் உதிரி வாங்க வேண்டும், அந்த நேரம் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். அது வேறொரு மெயில், வேறொரு தொகை.